மூன்றாவது வரிசையில் ஓர் இடம்

"சார், வணக்கம். பத்தாம் வகுப்பு ஆ பிரிவு குரூப் போட்டோவில பின்னாடி தெரியுற பேனரை எடுத்துடுங்க. அன்னைக்கு வராத பையன் ஒருத்தன் போட்டோ அனுப்பியிருக்கேன், மூணாவது வரிசையில சேர்த்துடுங்க."

மரக்காணம் பக்கத்துப் பள்ளி ஒன்றின் ஆசிரியர், ஆண்டு மலரைத் தொகுப்பவருக்கு இப்படி ஒரு செய்தி அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். கணினியில் வேலை தெரிந்தவருக்கு இரண்டும் சேர்ந்து அரை மணி நேர வேலை. ஒன்றை எடுக்க வேண்டும், ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஆனால் இரண்டும் ஒரே தராசில் நிற்பவை அல்ல.

குரூப் போட்டோ எதற்குச் சாட்சி என்பதுதான் முதல் கேள்வி. இந்த வகுப்பில் இவர்கள் படித்தார்கள் என்று அது சொல்கிறது. இந்த நாளில் இந்த இடத்தில் இவர்கள் ஒன்றாக நின்றார்கள் என்றும் சொல்கிறது. சுவரில் என்ன தொங்கியது என்று சொல்வதற்காக யாரும் அதை எடுப்பதில்லை. இருபது வருடம் கழித்து மலரைப் புரட்டுகிறவர் தன் முகத்தைத் தேடுவார், பக்கத்தில் நின்றவனைத் தேடுவார். பேனரைத் தேட மாட்டார்.

அதனால் பேனரை எடுப்பதில் பெரிய பாவம் இல்லை என்று தோன்றும். பெரும்பாலும் அது சரிதான். வெளியே சாலையோரம் யாரோ கட்டிய பிறந்தநாள் வாழ்த்துப் பேனர், சுற்றுச்சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, தலைகளுக்குச் சற்று மேலே ஒரு தலைவரின் பாதி மீசையும் "வாழ்த்த வய" என்ற எழுத்துகளுமாகத் தெரிகிறது என்றால், அதை மலரில் விட்டுவைப்பதுதான் தவறு. பிள்ளைகள் கேட்காத ஒரு கட்சி அடையாளம் அவர்கள் தலைக்கு மேல் நிரந்தரமாக ஏறிவிடும். ஆனால் அந்தப் பேனரைக் கட்டியது பள்ளியே என்றால்? நன்கொடையாளர் ஒருவரை வரவேற்கப் பள்ளியே அதைக் கட்டி, அதன் முன்னால் பிள்ளைகளை நிறுத்திப் படமும் எடுத்துவிட்டு, இப்போது சங்கடமாக இருக்கிறது என்று அழிக்கச் சொன்னால், அழிக்கப்படுவது பின்னணி அல்ல. நடந்த ஒன்று. ஆக, மலர் ஆசிரியர் முதலில் கேட்க வேண்டியது "அது யார் கட்டின பேனர் சார்?" என்ற ஒரே கேள்வி. வெளியாள் கட்டியது என்றால், அழிப்பதைவிட மேல் ஓரத்தை வெட்டிவிடுவது நல்லது. வெட்டினால் படத்தில் இல்லாத எதுவும் உள்ளே வராது. அழித்தால் அந்த இடத்தில் இல்லாத பின்னணியை வரைய வேண்டும். பின்வரிசைப் பிள்ளைகளின் தலைமுடி ஓரங்களைத் தொட வேண்டும். எண்ணெய் தடவி வாரியும் காற்றில் பறந்த நாலு முடி அங்கேதான் காணாமல் போகும்.

பிள்ளைகளைக் கேட்காமல் அவர்கள் உடலருகே கை வைப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஒரு பாடம் உண்டு. 2021-இல் பார்ட்ரம் ட்ரெயில் உயர்நிலைப் பள்ளியின் ஆண்டு மலரில் 80 மாணவிகளின் படங்கள் திருத்தப்பட்டிருந்தன. கழுத்துக்குக் கீழே துணி ஒட்டுப் போட்டதுபோல் மறைக்கப்பட்டிருந்தது. நீச்சல் உடையில் நின்ற பையன்களின் படத்தை யாரும் தொடவில்லை. திருத்தியவர் நினைத்தது ஒழுக்கம். அந்தப் பெண்களுக்குப் போய்ச் சேர்ந்தது அவமானம். பணத்தைத் திருப்பித் தருவதாகப் பள்ளி சொல்ல வேண்டியதாயிற்று.

இரண்டாவது கோரிக்கைதான் கடினம், ஏனென்றால் அதில் அன்பு இருக்கிறது. வராதவனை விட்டுவிடக் கூடாது என்று ஓர் ஆசிரியர் நினைப்பது சின்ன விஷயம் அல்ல. 2024-இல் ஸ்காட்லாந்தின் அபாய்ன் தொடக்கப் பள்ளியில் இதற்கு நேர்மாறாக நடந்தது. கூடுதல் கவனிப்பு தேவைப்படும் குழந்தைகள் உள்ள படம், அவர்கள் இல்லாத படம் என்று இரண்டு வகை வகுப்புப் படங்களைப் பெற்றோர் தேர்ந்தெடுக்கும்படி அனுப்பியிருந்தார்கள். நின்ற குழந்தையை இல்லாமல் ஆக்கிய அந்தக் கைக்கு எதிர்க்கை இந்த ஆசிரியருடையது.

ஆனாலும் சேர்த்த படம் பொய் சொல்லும். அவன் அன்று வரவில்லை. மரக்காணத்தில் ஜனவரி பிறந்தால் உப்பளத்தில் வேலை தொடங்கிவிடும்: மழையில் கரைந்த வரப்பைக் கட்டி, பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்தி, தண்ணீர் பாய்ச்ச வேண்டும். வெயிலுக்கு முன்னால் முடிக்க இருட்டிலேயே போகிற வேலை. பத்தாம் வகுப்புக்குப் படம் எடுக்கும் பருவமும் அதுவே. வீட்டில் ஓர் ஆள் குறைந்தால் பையன் போயிருக்கலாம், காய்ச்சலாகவும் இருக்கலாம், வெள்ளைச் சட்டை கிழிந்திருந்ததாகவும் இருக்கலாம். காரணம் ஆசிரியருக்குத் தெரியும், மலர் ஆசிரியருக்குத் தெரியாது. ஒட்டிச் சேர்த்தால் காரணமும் சேர்ந்து மறைகிறது. அப்படி மறைவதில் யாருக்கு நிம்மதி, பையனுக்கா பள்ளிக்கா?

ஒட்டு வேலை மற்றவர்களையும் தொடுகிறது. மூன்றாவது வரிசையில் இடம் வேண்டுமென்றால் இருவரைத் தள்ளி நிறுத்த வேண்டும். கடல் பக்கமிருந்து சாய்ந்து விழும் காலை வெயிலில் எல்லோரும் ஒரு கண்ணைச் சுருக்கியிருப்பார்கள். எல்லோர் மூக்கு நிழலும் ஒரே பக்கம் விழுந்திருக்கும். ஸ்டுடியோ விளக்கில் எடுத்த பாஸ்போர்ட் படத்து முகம் மட்டும் கண்களை அகலத் திறந்து, நிழலே இல்லாமல் நிற்கும். வகுப்பே கண்டுபிடித்துவிடும். "உன்னை ஒட்டியிருக்காங்கடா" என்ற கேலி, படத்தில் இல்லாததைவிட அதிகமாக வலிக்கும்.

பழைய ஸ்டுடியோக்காரர்களிடம் இதற்கு ஒரு வழி இருந்தது. வராதவர் முகத்தைப் படத்தின் மேல் மூலையில் ஒரு வட்டத்துக்குள் வைப்பார்கள். கீழே பெயர் வரிசையில் அவர் பெயரும் வரும். அதில் பொய் இல்லை, ஆளும் விடுபடவில்லை. ஆனால் இன்று வட்டத்துக்குள் முகம் என்றால் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான் பலருக்கு நினைவு வரும். பெற்ற தாய் அதைப் பார்த்து என்ன நினைப்பாள் என்பதையும் யோசிக்கத்தான் வேண்டும். சதுரக் கட்டமாக, மற்றவர்கள் முகத்தின் அளவிலேயே, படத்துக்கு வெளியே பெயர் வரிசையின் பக்கத்தில் வைத்தால் அந்தச் சாயல் வராது. "படம் எடுத்த அன்று வராதவர்" என்று எழுதலாம். ஏன் வரவில்லை என்று எழுதக் கூடாது.

அந்த முகம் எங்கிருந்து வந்தது என்பதும் சின்னக் கேள்வி அல்ல. பள்ளிப் பதிவேட்டுக்காக எடுத்த படத்தை ஆசிரியர் அப்படியே அனுப்பியிருக்கலாம். பதிவேட்டுக்குத் தந்தது மலருக்குத் தந்தது ஆகாது. பையனிடம் கேட்க வேண்டும், பதினெட்டு வயது ஆகாதவன் என்பதால் வீட்டிலும் கேட்க வேண்டும். "வேண்டாம் சார், பேர் மட்டும் போடுங்க" என்று அவன் சொன்னால் அத்தோடு முடிந்தது.

இவை எல்லாவற்றையும்விட எளிய வழி மறுபடி எடுப்பது. 2013-இல் கனடாவின் நியூ வெஸ்ட்மின்ஸ்டரில் சக்கர நாற்காலிச் சிறுவன் ஒருவன் வகுப்பிலிருந்து தள்ளி, தனியே உட்கார்ந்திருந்த படம் வந்தபோது, பள்ளி வகுப்பைத் திரும்ப நிறுத்தி எடுத்தது. இங்கே தடை என்ன? செலவு, அச்சகத்தின் அவசரம், அந்த நாளில் வேறு இரண்டு பேர் வராமல் போகும் அபாயம். கடைசித் தடைக்கு விடை உண்டு. ஆண்டு முழுக்க விட்டுவிட்டு வருகிறவனும் தவறாமல் வரும் நாள் ஒன்று இருக்கிறது: பொதுத் தேர்வு ஹால் டிக்கெட் கொடுக்கும் நாள். பேனர் இல்லாத பக்கமாகப் பெஞ்சைப் போட்டு, போட்டோக்காரரை அன்று காலை பத்து மணிக்கு வரச் சொல்லலாம். அச்சகத்தில் நாலு நாள் தள்ளிக் கேட்க வேண்டியிருக்கும்.