"அவன்கிட்ட சொல்லிட்டோமே"

நாத்தனாருக்கு வளைகாப்பு. நாள் குறித்ததும் மண்டபம் பேசியதும் மகனுக்கு மட்டும் போனில் வந்த செய்திகள். வேறு சாதியிலிருந்து காதலித்து மணந்து வந்த மருமகளுக்குக் கடைசி வாரத்தில்தான் தெரிகிறது. அங்கே போனால், மணையில் இருப்பவளுக்குச் சந்தனம் பூசி வளையல் போட, பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறார்கள். அண்ணி முறைக்காரி சுவரோரம் நிற்கிறாள். அவள் முறை வரவேயில்லை. குடும்பமாகப் படம் எடுக்கும்போது, "நீ கொஞ்சம் எடுத்துக் கொடேன்" என்று போனை அவள் கையில் தருகிறார்கள்.

இரவு கணவரிடம் சொல்கிறாள். "அவங்க வேணும்னு செய்யல, கூட்டத்துல மறந்திருப்பாங்க" என்கிறார். வேண்டுமென்று செய்தார்களா, இல்லையா என்ற வழக்கிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது.

அந்த வழக்கே தேவையில்லை. கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற சமூக உளவியலாளர், கணினித் திரையில் மூவர் பந்து எறியும் விளையாட்டு ஒன்றை வைத்து ஒதுக்கப்படுவதை ஆராய்ந்தவர். தொடக்கத்தில் சில முறை பந்து வரும், பிறகு மற்ற இருவரும் தமக்குள்ளேயே எறிந்துகொள்வார்கள். விளையாடுபவரின் மனம் உடனே வாடியது. 2004இல் வெளியான ஆய்வில், எதிரே ஆடுவது வெறும் கணினிதான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அப்போதும் வலித்தது. உள்நோக்கமே இல்லாத இயந்திரம் ஒதுக்கினாலே இப்படியென்றால், மாமியாரின் நோக்கம் நல்லதென்று நிரூபித்து மனைவியின் வலியை எப்படிப் போக்க முடியும்?

அடுத்த விசேஷத்துக்கு அவள் தாமதமாகப் போவாள். அதற்கடுத்ததற்குத் தலைவலி என்பாள். "அவளுக்கு நம்மகூட ஒட்டப் பிடிக்கல" என்ற பேச்சு அப்போதுதான் கிளம்பும். ஒதுக்கியதால் விலகியவள், விலகியதால் ஒதுக்கப்பட்டவளாகக் கணக்கில் மாறிவிடுகிறாள். எனக்கு மிகவும் கொடுமையாகப் படுவது இந்த இடம்தான்.

இதை முதலில் தடுக்கக்கூடியவர் கணவர். செய்தி அவர் வழியாகத்தானே வருகிறது! அம்மா போனில் நாள் சொல்லும்போது, "அவளும் இங்கதான் இருக்கா, அவகிட்டயே சொல்லுங்கம்மா" என்று போனைக் கொடுக்கலாம். வளையல் போடும்போது தங்கையிடம், "அண்ணியைக் கூப்பிடும்மா" என்று அங்கேயே சொல்லலாம். வீட்டுக்கு வந்தபின் சொல்லும் ஆறுதலைவிட, எல்லோர் காதிலும் விழும் அந்த ஒரு வாக்கியம் பெரிது.

மறதியாக இருந்தால் இரண்டு மூன்று விசேஷங்களில் சரியாகிவிடும். சாதியை மனதில் வைத்துத்தான் தள்ளுகிறார்கள் என்றால், போனைக் கொடுத்த பிறகும் அழைப்பு அவருக்கு மட்டுமே வரும். அப்போது அவர் தனியாகப் போவதா, போகாமலே இருப்பதா என்பதை இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யட்டும். போகாவிட்டால், "அவளுக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்லாமல், அழைக்காததால் வரவில்லை என்று மகனே அம்மாவிடம் சொல்ல வேண்டும்.