பெருநாளன்று முறிக்க வேண்டிய சத்தியம்

நோன்புப் பெருநாள் குத்பாவில் ஸதகத்துல் பித்ரின் சட்டங்களை விளக்கக் கேட்டிருக்கிறோம். கேட்கும்போதெல்லாம் நமக்கு ஒரு எண்ணம் தோன்றும். பெருநாள் குத்பா தொழுகைக்குப் பின்னர் ஓதப்படுவது. பித்ராவோ மக்கள் தொழுகைக்குப் புறப்படும் முன்னரே ஏழையின் கைக்குச் சேர வேண்டியது. தொழுகைக்குப் பின் கொடுப்பது தர்மங்களில் ஒரு தர்மமாகவே எண்ணப்படும் என இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பில் வருகிறது. எனவே அந்தச் சட்டத்தை ரமளானின் கடைசி ஜும்ஆவிலேயே சொல்லிவிட வேண்டும். பெருநாள் மிம்பரில் சொல்லத்தக்கது, தொழுகை முடிந்து வீடு திரும்பும் வழியிலேயே செய்யக்கூடிய காரியம்.

தர்மபுரியிலோ, பாலக்கோட்டிலோ, பென்னாகரத்திலோ எந்த மஹல்லாவை எடுத்துக்கொண்டாலும், பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீடுகளாவது இருக்கும். மழை குறைந்த சீமையல்லவா? கிணற்றுப் பங்கில் வந்த சண்டை பேரப்பிள்ளைகள் காலம்வரை நிற்கும். கல்யாணத்தில் மரியாதை குறைந்தது என்பது இன்னொரு காரணம். ஈத்காவில் ஒரே ஸஃப்பில் நின்றவர்கள், முஸாபஹா செய்யும் நேரத்தில் மட்டும் ஆளுக்கொரு பக்கம் நழுவிவிடுவார்கள். கேட்டால், "அவன் வாசற்படி மிதிப்பதில்லை என்று அல்லாஹ்வின்மீது ஆணையிட்டுவிட்டேன், நான் என்ன செய்ய?" என்பார்கள். உறவை முறித்ததற்கு மார்க்கத்தையே சாட்சிக்கு அழைக்கும் பதில் இது.

இதே பதிலைச் சொல்லத் தகுதியான ஒருவர் இருந்தார். ஹஜ்ரத் அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்கள்தாம். அவர்களுடைய சிறிய தாயாரின் மகள்வழிப் பிள்ளை மிஸ்தஹ் (ரலி). ஏழை, முஹாஜிர், பத்ருப் போரில் பங்கு கொண்டவர். அபூபக்ரின் கைப்பொருளால் வாழ்ந்தவர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது நயவஞ்சகர்கள் அவதூறு கிளப்பியபோது இவரும் அந்தப் பேச்சில் சேர்ந்துகொண்டார். பெற்ற மகளின் மானத்தைப் பேசியவனுக்கு இனி ஒரு காசும் கொடேன் என்று தந்தை ஆணையிட்டார். நம்மில் யார் அவரைக் குறை சொல்ல முடியும்? ஆனால் சூரத்துந் நூரின் 22ஆம் வசனம் இறங்கியது. வசதியுள்ளவர்கள் உறவினருக்கும் ஏழைக்கும் கொடுக்கமாட்டோம் எனச் சத்தியம் செய்ய வேண்டாம், அல்லாஹ் உங்களை மன்னிப்பதை நீங்கள் விரும்பமாட்டீர்களா என்பது அதன் கருத்து. "ஆம், விரும்புகிறேன்" என்றார்கள் அபூபக்ர் (ரலி). நிறுத்திய உதவி மறுபடியும் தொடங்கியது.

ஆக, உறவை வெட்டும் சத்தியம் காக்க வேண்டிய சத்தியமல்ல. அதை முறித்துவிட்டு கப்பாரா கொடுக்க வேண்டும். சூரத்துல் மாயிதாவின் 89ஆம் வசனப்படி 10 ஏழைகளுக்கு உணவளிப்பது, அல்லது 10 பேருக்கு ஆடை கொடுப்பது. அடிமையை விடுவிப்பது இக்காலத்தில் இல்லை. இவற்றுக்கு வசதி இல்லாதவருக்கே 3 நோன்பு. வசதியுள்ளவர் செலவுக்கு அஞ்சி 3 நோன்பு வைத்துவிட்டுத் தீர்ந்தது என்று நினைத்தால் தீராது. நம் பக்கத்தில் இது சாதாரணமாக நடக்கும் பிழை. ஹனபி மத்ஹபில் 10 பேருக்கும் வயிறார இரண்டு வேளை உணவு கொடுக்கலாம். அல்லது ஆளுக்கு ஒரு பித்ராவின் அளவு தானியத்தையோ அதன் கிரயத்தையோ கொடுக்கலாம். சத்தியத்தை முறித்த பிறகே கப்பாரா. முன்கூட்டிக் கொடுத்தது கணக்கில் சேராது. ஷாபிஈ மத்ஹபில் உணவை முன்னரே கொடுப்பதற்கும் இடமுண்டு.

அல்லாஹ்வின் ஏற்பாட்டைப் பாருங்கள். இரண்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்தால் தெருவில் 10 ஏழைகள் சாப்பிடுகிறார்கள். யார் அந்த 10 பேர்? பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போய்ப் பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுச் சென்ற குடும்பங்கள் பல தெருக்களில் உண்டு. அவற்றில் பெரும்பாலும் பிற மதத்தினர். பித்ராவையும் கப்பாராவையும் முஸ்லிமல்லாத ஏழைக்கும் கொடுக்கலாம் என்பது இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் தீர்ப்பு. அவர்களுடைய மாணவர் அபூயூசுப் (ரஹ்) இதற்கு மாறுபட்டார்கள். ஷாபிஈகளிடமும் அனுமதியில்லை. தத்தம் ஆலிமிடம் கேட்டுக்கொள்க. ஆனால் நம் வீட்டுப் பிரியாணியை அண்டை வீட்டுக்கு அனுப்புவதில் எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) வீட்டில் ஆடு அறுத்தபோது, "நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா?" என்றுதான் கேட்டார்கள்.

போனால் அவர் முகம் கொடுக்காவிட்டால்? மூன்று நாள் கடந்தபின் ஸலாம் சொன்னவர் பகையின் குற்றத்திலிருந்து வெளியேறிவிட்டார், பதில் சொல்லாதவரே அதைச் சுமக்கிறார் என்று ஹதீஸில் வந்துள்ளது. பெருநாளன்று ஒரு வழியாகச் சென்று மறு வழியாகத் திரும்புவது ஸுன்னத்து. திரும்பும் வழியை அந்த வீடு இருக்கும் தெருவாக வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் கலந்துவிடக் கூடாது. தங்கையின் பாகத்தைப் பத்திரத்தில் எழுதாமல் வைத்துக்கொண்டு, பெருநாளுக்குப் புடவையும் சேமியாவும் அனுப்பி, "அவள்தான் பேசமாட்டேன் என்கிறாள்" என்று சொல்லும் அண்ணன்மாரை நாம் அறிவோம். அங்கே முறிந்திருப்பது சத்தியமல்ல, கொடுக்க வேண்டிய ஹக்கு. அதற்குக் கப்பாரா கிடையாது. பாகத்தை அளந்து கொடுப்பது ஒன்றே வழி. ஸலாம் சொல்ல அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை, ஆனால் ஸலாம் சொன்னதால் அந்தக் கடன் குறையாது. தங்கை தானாக, யாருடைய வற்புறுத்தலும் இன்றி, தன் பங்கு எவ்வளவு என்று தெரிந்தபின் விட்டுக்கொடுத்தால் அது வேறு.