இரண்டு சீரும் ஓர் அசையும்

எங்கள் ஊர் அம்மனுக்கு மார்கழி முழுவதும் நாளுக்கொரு பாட்டாக முப்பது எழுத வேண்டும் என்று ஓர் ஆண்டு உட்கார்ந்தேன். திருப்பாவை காதில் ஊறிய குடும்பம் என்பதால் வடிவத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. எட்டு அடி, அடிக்கு நாலு சீர், எட்டடிக்கும் ஒரே எதுகை, முடிவில் ஒரு பல்லவி. 'கண்திறவாய் அம்மா' என்று பல்லவியை முதல் நாளே எழுதி வைத்துக்கொண்டேன். ஆறாம் பாட்டில் வேலை நின்றுபோனது. ஏன் நின்றது என்று தேடிப் போனபோதுதான், இத்தனை ஆண்டுகள் பாடிக்கொண்டிருந்த திருப்பாவையின் ஈற்றடிகளை முதல்முறையாகக் கவனித்துப் படித்தேன்.

ஆண்டாளின் பல்லவி 'ஏலோர் எம்பாவாய்' என்பது எல்லோருக்கும் தெரியும். அது அடியில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதைத்தான் நான் கவனித்ததில்லை. பழைய பதிப்புகளில் சீர் பிரித்து அச்சிட்டிருப்பதைப் பார்த்தால் புரியும். முதல் பாசுரத்தின் மூன்றாம் சீர் 'படிந்தேலோ', நான்காம் சீர் 'ரெம்பாவாய்'. பல்லவி ஒரு சீரின் நடுவில் பிறக்கிறது. 'படிந்து' என்ற சொல்லின் கடைசி உகரம் கரைந்து, அந்த இடத்தில் 'ஏ' வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே கடைசி அடியில் கவிஞர் கையில் மிஞ்சுவது முதல் இரண்டு சீரும், மூன்றாம் சீரின் முதல் அசையும் மட்டுமே. அந்த ஓர் அசையில் ஒரு சொல்லை வைத்து, அது பல்லவியோடு ஒட்டும்படி விட வேண்டும். இதை இருபத்தொன்பது பாசுரங்களில் செய்திருக்கிறார்.

என் பல்லவி ககரத்தில் தொடங்கியது. எந்தச் சொல்லை முன்னால் வைத்தாலும் அது அங்கே நின்றது. பிறகு பல்லவி தனியாக வந்தது. பாட்டு ஒரு மூச்சில் முடியாமல், முடிந்த பிறகு ஒரு முத்திரை குத்தியதுபோல் இருந்தது. உயிரெழுத்தில் தொடங்கினால் சரியாகும் என்று 'எழுந்தருளாய் தாயே' என மாற்றினேன். ஒட்டியது. ஆனால் இன்னொரு சிக்கல் முளைத்தது. எழுந்தருளாய் என்பது ஒரு வேண்டுகோள். அதற்கென்று ஒரு பொருள் இருக்கிறது. பன்னிரண்டாம் பாட்டில் அம்மன் எழுந்து, பதின்மூன்றாம் பாட்டில் வீதியுலா வந்துவிட்டாள். அதன் பிறகும் நாள்தோறும் அவளை எழுந்தருளச் சொல்லிக்கொண்டிருந்தால் பாட்டின் கதை முன்னே நகராது.

'ஏலோர்' என்பதை 'ஏற்றுக்கொள், எண்ணிப் பார்' என்று பிரித்துப் பொருள் சொல்பவர்கள் உண்டு. பொருளற்ற அசைச்சொல் என்று விட்டுவிடுபவர்களும் உண்டு. எழுதுகிறவன் நிலையிலிருந்து பார்த்தால் இரண்டாவது கட்சிதான் எனக்குச் சரியாகப் படுகிறது. அது எதையும் கேட்பதில்லை, யாரையும் அனுப்புவதில்லை. 'எம்பாவாய்' என்று பக்கத்தில் நிற்கும் பெண்ணை அழைக்கிறது, அவ்வளவுதான். அதனால் நான்காம் நாள் மழையோடு பேசலாம், பதினாறாம் நாள் வாயில் காப்பவனோடு பேசலாம், இருபத்துமூன்றாம் நாள் கண்ணனோடே பேசலாம். யாரோடு பேசினாலும் அழைப்பு தோழிக்கே திரும்பி வருகிறது. மாணிக்கவாசகரும் திருவெம்பாவையின் இருபது பாட்டுக்கும் இதே பல்லவியை வைத்துக்கொண்டார்.

அந்த ஒட்டுமிடத்தில் ஆண்டாள் என்னென்ன சொற்களை வைத்திருக்கிறார் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். படிந்து, உகந்து, நிறைந்து, மகிழ்ந்து. முதல் நான்கும் வினையெச்சம். ஐந்தாவது 'செப்பு' என்ற ஏவல். பிறகு குளிர்ந்து, திற, அருள், நவின்று, மறுபடியும் திற. மொத்தத்தில் பதின்மூன்று பாசுரங்கள் வினையெச்சத்தில் முடிகின்றன. வினைமுற்றை முன்னாலேயே சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் எச்சத்தைத் தொங்கவிடுகிறார். எச்சம் என்றால் இன்னும் ஏதோ வரவேண்டும் என்று காது காத்திருக்கும். நாளுக்கொன்றாகப் பாடப்படும் பாட்டுக்கு இது எவ்வளவு பொருத்தம் என்பதை எழுதிப் பார்த்தவர்கள் உணர்வார்கள்: இன்றைய பாட்டு கதவைச் சாத்திவிட்டுப் போவதில்லை.

சொற்கள் திரும்ப வருவதற்கும் அவர் கூசவில்லை. 'மகிழ்ந்து' மூன்று முறை, 'அருள்' மூன்று முறை, பதினான்கும் பதினைந்தும் அடுத்தடுத்து 'பாடு'. முப்பதுக்கும் முப்பது புதுச்சொல் தேடி அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்த எனக்கு இது பெரிய ஆறுதல்.

ஓர் இடத்தில் மட்டும் அவர் செய்திருப்பது என்னை எழுந்து நிற்க வைத்தது. பதினேழாம் பாசுரத்தில் நந்தகோபனையும் யசோதையையும் கண்ணனையும் எழுப்பி, கடைசியாகப் பலராமனிடம் வருகிறார்கள். அங்கே வரும் சீர் 'உறங்கேலோ'. மற்ற பாசுரங்களில் செய்வதுபோல் ஏலோரைக் கழற்றினால் 'உறங்கு' என்று மிஞ்சும், பொருள் தலைகீழாகிவிடும். இங்கே பல்லவியின் 'ஏல்' விலக்கும் விகுதியாகி, 'உறங்கேல்', உறங்காதே, என்று பொருள் தருகிறது. பதினாறு நாள் வெறும் ஓசையாக நின்ற இரண்டெழுத்து அன்றைக்கு ஒருநாள் மட்டும் வேலை செய்கிறது.

இனி எதுகை. எட்டடிக்கும் இரண்டாம் எழுத்து ஒன்றாக வர வேண்டும். முதலெழுத்து குறிலானால் எல்லாம் குறில், நெடிலானால் எல்லாம் நெடில். 'விடி' என்று எடுத்தால் கொடி, செடி, நொடி, அடி, இடி, மடி என்று வந்துகொண்டே இருக்கும். 'கோழி' என்று எடுத்தால் தோழி, ஆழி, நாழி, ஊழி, தாழி என்று ஆறோடு மூச்சு வாங்கும். பெரும்பாலும் முதலடி மனத்தில் அழகாக உதிக்கும். ஆறாமடியில் எதுகைக்காக ஒரு சொல்லை இழுத்து வருவோம். அந்தச் சொல் வந்ததற்காக ஒரு கருத்தை இட்டுக்கட்டுவோம். பாட்டின் ஆறாம் ஏழாம் அடிகளை மட்டும் தனியாகப் படித்துப் பார்த்தால் இந்தக் குறை உடனே தெரிந்துவிடும்.

ஆண்டாளின் நான்காம் பாசுரம் இந்த ழகர எதுகைதான். எட்டடியில் மூன்றடி 'ஆழி' என்றே தொடங்குகிறது. மழையோடும் கடலோடும் சேர்ந்து வந்த அதே சொல், ஐந்தாம் அடியில் பெருமாள் கைச்சக்கரமாகிவிடுகிறது. மின்னலுக்கு அதுதானே உவமை! கடைசியடியில் எதுகையையே விட்டுவிடுகிறார். அங்கே நிற்பது 'மார்கழி'. இரண்டாம் எழுத்து ரகரம். ழகரம் நான்காம் எழுத்தாகத்தான் வருகிறது. எதுகைக்கு வாகான வேறு சொல் அவருக்குக் கிடைக்காமலா இருந்திருக்கும்? மாதத்தின் பெயர் அங்கே வேண்டும் என்று தோன்றியிருக்கிறது, வைத்துவிட்டார்.

இதையெல்லாம் பார்த்த பிறகு என் வேலைமுறை மாறியது. ஒவ்வொரு பாட்டுக்கும் முதலில் அந்த ஒட்டுச்சொல்லைத் தீர்மானித்தேன். அதற்கு முன்னால் வரும் இரண்டு சீரை எழுதி, அதன் எதுகையில் எட்டுச் சொல் கிடைக்குமா என்று பார்த்து, பிறகுதான் முதலடிக்குப் போனேன். கீழிருந்து மேலே கட்டியதால் ஆறாமடி வலுக்கட்டாயம் பெரிதும் குறைந்தது. முப்பது நாளுக்கும் சேர்த்து ஒரு கணக்கும் வேண்டியிருந்தது. இரண்டாம் பாசுரத்தில் நெய் உண்ணோம் என்று நோன்பு தொடங்கியவர்கள், இருபத்தேழில் முழங்கை வழியே நெய் ஒழுகச் சோறு உண்கிறார்கள். இருபத்தைந்து நாள் இடைவெளியில் ஒரு சொல்லைத் திருப்பித் தர, முன்பே அதை எடுத்து ஒளித்து வைத்திருக்க வேண்டும்.

முப்பதாவதில் 'ஏலோர்' இல்லை. அந்தப் பாசுரத்தில் தோழிகள் பேசுவதில்லை; பட்டர்பிரான் மகள் கோதை தன் பெயரைச் சொல்லி, இதைப் பாடுகிறவர்கள் பெறும் பயனைச் சொல்கிறாள். முடிவது 'இன்புறுவர்' என்ற வினைமுற்றில். சீர் பிரித்தால் 'இன்புறுவ', 'ரெம்பாவாய்'. ஏலோரின் ரகரம் இருந்த அதே இடத்தில் இன்புறுவரின் ரகரம் வந்து நிற்கிறது. இருபத்தொன்பது நாள் கேட்ட 'ரெம்பாவாய்' முப்பதாம் நாளும் அப்படியே காதில் விழுவதால், கோயிலில் கூடிப் பாடும்போது அங்கே ஒரு சொல் உதிர்ந்திருப்பது யாருக்கும் தெரிவதில்லை.