ஆடாத கல்

போன வருட ஐப்பசி மழையில் பூதலூரில் எங்கள் கொல்லைச் சுவர் விழுந்தது. சுவர் என்றால் மதில் இல்லை. எங்கள் கொல்லை மேடு, அதை ஒட்டிப் போகும் வாய்க்கால் பள்ளம். மேட்டு மண் சரியாமல் தாங்குவதற்காக அப்பா காலத்தில் கருங்கல்லை அடுக்கி எழுப்பியது. 15 அடி நீளம், 4 அடி உயரம். சிமெண்ட், சுண்ணாம்பு எதுவும் கிடையாது, வெறும் கல் மேல் கல்.

பொங்கல் லீவில் நான் ஊருக்குப் போனபோது அண்ணன் சொன்னான்: "ஆள் வெச்சா கூலி அதிகம் கேக்குறாங்க. கல்லு எல்லாம் அங்கேயே கிடக்கு. நாமளே அடுக்கிடலாம்டா."

நானும் அவனும் சேர்ந்து ஒரு வேலை செய்து ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது பில் முழுவதும் நான் கட்டினேன். நாற்பது நாள் வார்டு வராந்தாவில் பாய் விரித்துப் படுத்தவன் அவன். காரியம் முடிந்த அன்று ஒரு வாக்குவாதத்தில், எவ்வளவு செலவு செய்தேன் என்று நான் தொகையைச் சொல்லிவிட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு போனில் உரம், மழை, அம்மாவின் சுகர் பற்றி மட்டும்தான் பேசினோம்.

முதல் நாள் எங்களுக்குத் தெரிந்த மாதிரி அடுக்கினோம். பெரிய கல்லாகப் பார்த்துக் கடப்பாரையால் புரட்டி, அகலமான முகம் வெளியே தெரியும்படி நிமிர்த்தி வைத்தோம். கருங்கல்லில் ஒரு கன அடியே எழுபது கிலோவுக்கு மேல் வரும். அதனால் நாலு கல் வைப்பதற்குள் மூச்சு வாங்கியது. ஆனால் சுவர் சீக்கிரம் உயர்ந்தது. பின்னால் இருந்த இடைவெளிகளில் சில்லுகளை மண்வெட்டியால் அள்ளிக் கொட்டினோம். சாயங்காலம் பார்க்க நன்றாகவே இருந்தது. நான் போட்டோ கூட எடுத்தேன்.

பக்கத்துத் தெருவில் வயதான கொத்தனார் ஒருவர் இருக்கிறார். நாங்கள் பெரியப்பா என்று கூப்பிடுவோம். மாட்டைப் பிடித்துக்கொண்டு அந்த வழியாகப் போனவர் நின்றார். சுவரில் இருந்ததிலேயே பெரிய கல்லின் மேல் காலை வைத்து அழுத்தினார். டக் டக் என்றது.

"ஆடுது தம்பி."

"பெரிய கல்லு பெரியப்பா, எங்க போகப்போவுது?" என்றேன்.

"பெருசா இருந்தா? ஆடுற கல்லு விழுற கல்லு."

நாற்காலியின் நாலு கால்களில் ஒன்று குட்டையானால் அது ஆடும். மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது. கல்லும் அப்படித்தான். அடியில் தள்ளித் தள்ளி மூன்று இடத்தில் அழுந்த உட்கார்ந்துவிட்டால் அசையாது. இரண்டே இடத்தில் உட்கார்ந்தால் எத்தனை கனமானாலும் ஆடும். மேலே இன்னொரு கல் ஏறும்போது அந்தக் கனமே அதைத் திருப்பும். என் பெரிய கல் இரண்டு முனைகளில் நின்றுகொண்டிருந்தது.

மறுநாள் காலை வந்து எல்லாவற்றையும் பிரிக்கச் சொன்னார். பிரித்தோம். அவர் திண்டில் உட்கார்ந்துகொண்டு சொல்ல, நாங்கள் வைத்தோம். கல்லின் நீளப் பக்கம் வெளியே காட்ட அல்ல, மண்ணுக்குள் போக. அழகான முகத்தை உள்ளே தள்ள எனக்கு மனசே வரவில்லை. கீழ் வரிசையில் இரண்டு கல் சேரும் இடத்துக்கு மேல் ஒரு கல்லின் நடு வர வேண்டும். சந்துக்கு நேர் மேலே சந்து வந்தால் சுவர் அந்தக் கோட்டிலேயே பிளக்கும். இரண்டு மூன்றடிக்கு ஒரு நீளக்கல், சுவரின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை குறுக்கே ஓட வேண்டும். சுவர் மேலே போகப்போக மண் பக்கம் லேசாகச் சாய வேண்டும், 4 அடிக்கு அரை அடி மாதிரி. ஆடும் கல்லுக்கு அடியில் சில்லு வைக்கும்போது முன்னாலிருந்து வைக்கக்கூடாது, பின்னாலிருந்து வைக்க வேண்டும். முன்னால் வைத்த சில்லு சுவர் இறங்கும்போது நழுவி வெளியே விழுந்துவிடும்.

அந்தச் சில்லுகளைத்தான் முந்தைய நாள் குப்பை மாதிரி அள்ளிக் கொட்டியிருந்தோம். இப்போது ஒவ்வொன்றையும் கையால் திருப்பித் திருப்பிச் செருக வேண்டியிருந்தது. என் பெரிய கல்லின் மூன்றாவது கால், உள்ளங்கையில் அடங்கும் ஒரு சில்லு.

பழைய சுவர் ஏன் விழுந்தது என்று அண்ணன் கேட்டான். பெரியப்பா சரிந்து கிடந்த குவியலில் ஒரு துண்டை எடுத்துக் காட்டினார். சிமெண்ட் பூச்சு. வெறும் கல் அடுக்கில் மழைத்தண்ணீர் சந்து வழியாக வடிந்துவிடும். முகத்தைப் பூசி அடைத்தால் தண்ணீர் பின்னால் தேங்கி மண்ணோடு சேர்ந்து தள்ளும். முதலில் சுவர் நடுவில் வயிறு தள்ளும், பிறகு ஒருநாள் போய்விடும். பூச்சுக்குப் பணம் அனுப்பியது நான். பார்க்க நீட்டாக இருக்கட்டும் என்று சொன்னதும் நான்தான். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. சில்லு பொறுக்கிக்கொண்டிருந்தான்.

எங்கள் ஊரிலிருந்து மேற்கே இருபது கிலோமீட்டருக்குள் கல்லணை. கரிகாலன் கட்டியதாகச் சொல்லப்படும் அந்தப் பழைய அணை இன்றைய மதகுகளுக்கும் பாலத்துக்கும் கீழே இருக்கிறது. செதுக்காத, ஒழுங்கில்லாத கற்கள். அடியில் பாறை கிடையாது, ஆழம் தெரியாத ஆற்று மணல். போட்ட கல் மணலுக்குள் இறங்கும், இறங்கி ஓரிடத்தில் நிற்கும். அதன் மேல் அடுத்த கல், இடையில் களிமண். 19ஆம் நூற்றாண்டில் காவிரியில் வேலை செய்த ஆர்தர் காட்டன், மணலில் அடித்தளம் போடும் விதத்தை இதைக் கட்டியவர்களிடமிருந்தே கற்றதாக எழுதியிருக்கிறார். சின்ன வயதில் சுற்றுலா போனபோது யானை மேல் இருக்கும் கரிகாலன் சிலையைத்தான் பார்த்தேன். கல்லைப் பார்க்கவில்லை.

இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. "ஒவ்வொண்ணுக்கும் ஒரு இடம் உண்டு" என்பது கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் நம் ஊரில் அந்த வாக்கியத்துக்கு ஒரு நீண்ட, அசிங்கமான வரலாறு இருக்கிறது. உன் இடம் இது, அங்கேயே கிட என்று தெருத்தெருவாக மனிதர்களைப் பிரித்து வைத்த வாக்கியம் அது. என் ஆபீஸில் அதற்கு மரியாதையான பெயர் 'கல்ச்சர் ஃபிட்'. ஒரு பையனை இன்டர்வியூ செய்துவிட்டு 'ஃபிட் இல்லை' என்று நானே எழுதியிருக்கிறேன். கோடு நன்றாகத்தான் எழுதினான். யோசித்துப் பார்த்தால், அவன் எங்களைப் போல் இல்லை, அவ்வளவுதான்.

சுவர் அப்படி வேலை செய்வதில்லை. ஒரே மாதிரி உருண்டைக் கற்களை அடுக்கிப் பாருங்கள், நிற்காது. ஒன்றின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் உட்கார்வதால்தான் பிடிப்பு. பொருத்தம் என்பது ஒற்றுமை இல்லை. அது கல்லுக்குள் பிறவியிலேயே எழுதியிருப்பதும் இல்லை. பழைய சுவரில் அடி வரிசையில் இருந்த ஒரு கல் இப்போது உச்சியில் இருக்கிறது. ஒரே கல்லை ஐந்தாறு தடவை திருப்பினோம், நாலு இடத்தில் வைத்துப் பார்த்தோம். உட்காரவில்லை என்றால் பெரியப்பா கல்லைக் குறை சொல்லவே இல்லை. "கீழ இருக்கறத பாரு" என்பார். அந்தப் பையனை நான் ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை. அதோடு, மனிதன் கல்லும் இல்லை. இங்கே எனக்கு வலிக்கிறது என்று அவனால் சொல்ல முடியும். கேட்க வேண்டியது நாம்.

மூன்றாம் நாள் மதியம், ஒரு கல்லை இருவரும் தூக்கிப் பிடித்திருந்தபோது, "அந்தப் பில்லு விஷயம்... நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுண்ணே" என்றேன்.

"கைய எடு, நசுங்கிடப் போவுது" என்றான். கல்லை வைத்த பிறகு, "நீ கட்டலைன்னா அந்த நாப்பது நாளே இருந்திருக்காதுடா" என்றான். பிறகு சில்லு கேட்டான். எடுத்துக் கொடுத்தேன்.

முதல் நாள் நான் நிமிர்த்திய அந்தப் பெரிய கல் கடைசி வரை எங்கேயும் உட்காரவில்லை. உடைத்துப் போடலாமா என்று கேட்டேன். பெரியப்பா வேண்டாம் என்றார்.

இந்த ஐப்பசி மழையில் அண்ணன் ஒரு வீடியோ அனுப்பினான். சுவரின் சந்துகளில் பத்துப் பன்னிரண்டு இடங்களில் தண்ணீர் நூல் மாதிரி வடிந்துகொண்டிருந்தது. கேமரா திரும்பியபோது ஓரத்தில் அந்தப் பெரிய கல் தெரிந்தது. கிணற்றடிக்கு உருட்டிக் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறான். அம்மா அதன் மேல் துணி துவைப்பதாகச் சொன்னான்.