பாட்டியின் பெயர் எங்கே வரும்?

கிள்ளானில் இருக்கும் என் அக்கா மகளுக்குப் பதினேழு வயது. போன மாதம் ஒரு டூயட் போட்டாள். திரையின் ஒரு பாதியில் சுருங்கிய முகத்தோடு ஒரு பாட்டி தாலாட்டு பாடுகிறார். மறு பாதியில் இவள் கண்ணை மூடிக்கொண்டு அதே மெட்டை ஹம்மிங்கில் தொடர்கிறாள். நன்றாகவே இருந்தது. பார்த்தவர்கள் நிறைய பேர் தங்கள் தோட்டத்துப் பாட்டிகளை நினைத்துக் கமெண்ட் எழுதியிருந்தார்கள்.

"அந்தப் பாட்டி யாரு?" என்று கேட்டேன்.

"தெரியல மாமா. ஆனா கிரெடிட் குடுத்திருக்கேன், பாருங்க."

உண்மைதான். வீடியோவில் இன்னாரோடு டூயட் என்று ஒரு கணக்கின் பெயர் இருந்தது. ஆனால் அதை அவள் கொடுக்கவில்லை, செயலியே போட்டது. என் சங்கடம் அங்கேதான் தொடங்கியது.

டிக்டாக்கில் டூயட் என்றால் மூல வீடியோவும் நம் வீடியோவும் ஒரே திரையில் சேர்ந்து ஓடும். ஸ்டிட்ச் என்றால் மூலத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி முன்னால் வைத்து, நம் வீடியோவைப் பின்னால் தைப்பது. இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் ரீமிக்ஸ் என்ற பெயரில் ஏறக்குறைய இதே வேலை நடக்கிறது. எல்லாவற்றிலும் மூலக் கணக்கின் பெயர் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஒலியை மட்டும் எடுத்துப் பயன்படுத்தினால், அந்த ஒலியை முதலில் ஏற்றிய கணக்கின் பெயரில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்று காட்டும்.

செயலிக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எந்தக் கணக்கு ஏற்றியது என்று அதற்குத் தெரியும், யார் பாடினார்கள் என்று தெரியாது. ஒருவர் பாடியதை இன்னொருவர் இறக்கி, ஓரத்தை வெட்டி, தன் கணக்கில் மறுபடி ஏற்றினால் செயலியின் பார்வையில் அவர்தான் 'ஒரிஜினல்'. அதன்பிறகு வருகிற ஆயிரம் டூயட்டும் அவருக்கே நன்றி சொல்லும். நேர்மையாக, ஒழுங்காக, தவறான ஆளுக்கு.

நாங்கள் இருவரும் உட்கார்ந்து தேடினோம். அந்தக் கணக்கில் பாட்டியின் வீடியோ ஒன்றே ஒன்றுதான். மற்றதெல்லாம் சமையல், விபத்து, நாய்க்குட்டி. படம் மேலும் கீழும் இறுக்கமாக வெட்டப்பட்டிருந்தது. செயலியின் முத்திரையும் பயனர் பெயரும் வருகிற மூலைகளை மறைக்க இப்படித்தான் வெட்டுவார்கள். பாட்டு ஒரு சொல்லின் நடுவில் தொடங்கியது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இது இரண்டாம் கை என்று ஊகிக்கலாம். தாலாட்டில் கேட்ட சில சொற்களைப் போட்டுத் தேடியதில், நான்கு மாதம் முந்தைய தேதியில் முழு வீடியோவும் கிடைத்தது. அதில் பாட்டிக்கு முன்னால் ஒரு தொட்டில் இருக்கிறது. ஏற்றியவர் பேத்தி போலிருக்கிறது, 'அப்பாயி' என்று தலைப்பு வைத்திருந்தார்.

இந்த இடத்தில் பலருக்கும் நினைவு வருவது 'எஞ்சாய் எஞ்சாமி'யாகத்தான் இருக்கும். 2021 மார்ச்சில் வெளியான பாட்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் தமிழ்நாட்டுக்குத் திரும்பிய தன் முன்னோரின் கதை அது என்று அறிவு சொன்னார். பாட்டி வள்ளியம்மாளிடமிருந்து கேட்டு வளர்ந்த கதை. தோட்டத்திலிருந்து வந்த நம் குடும்பங்கள் அதைத் தங்கள் பாட்டாகவே கேட்டன. தலைப்பில் பாடகி தீயின் பெயர் முதலில் வந்தது, அறிவின் பெயர் 'ஃபீச்சரிங்' என்பதற்குப் பின்னால் வந்தது, தயாரிப்பாளராகச் சந்தோஷ் நாராயணன் பெயரும் இருந்தது.

அதாவது யாருடைய பெயரும் விடுபடவில்லை. ஆனாலும் அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழ் இந்தப் பாட்டையும் 'நீயே ஒளி'யையும் முன்வைத்து அட்டை போட்டபோது, அதில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், இரண்டிலும் பங்குள்ள அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமல் பாட்டு மேடையேறியது. பாட்டை எழுதி, இசையமைத்து, பாடி, நடித்தது தான்தான் என்று அறிவு பதிவிட்டார். சந்தோஷ் நாராயணன் பாட்டு உருவான விதத்தை வேறுமாதிரி விவரித்தார். வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றார். 2024இல், இதுவரை தங்களில் யாருக்கும் பணம் வரவில்லை என்று அவரே சொன்னார்.

யார் எவ்வளவு செய்தார்கள் என்று தீர்ப்பு சொல்ல நான் ஆளில்லை. எனக்கு அந்த 'ஃபீச்சரிங்' என்ற சொல்தான் முக்கியம். ஒரு பெயர் இருப்பதும், அது எந்த நாற்காலியில் உட்காருகிறது என்பதும் ஒன்றல்ல. விருந்தாளி நாற்காலியில் இருக்கும் பெயரை அடுத்த சுவரொட்டியில் இடம் போதவில்லை என்று எடுத்துவிடலாம். வீட்டுக்காரர் பெயரை அப்படி எடுக்க முடியாது. வள்ளியம்மாளுக்கோ விருந்தாளி நாற்காலிகூட அந்தத் தலைப்பில் கிடையாது.

எதிர்த் திசையில் நம்ம கோலாலம்பூர் உதாரணமும் இருக்கிறது. யோகி பி - நட்சத்திரா 2006இல் 'வல்லவன்' ஆல்பத்தில் 'மடை திறந்து' பாட்டை ராப்பாக்கியபோது, 'நிழல்கள்' படத்து இளையராஜாவை யாரும் தேட வேண்டியிருக்கவில்லை. முதல் சில நொடியிலேயே மூலம் தன்னைச் சொல்லிக்கொண்டது. புகழ்பெற்ற மூலம் தன்னைத்தானே காத்துக்கொள்ளும். பெயர் போட மறந்தாலும் கேட்பவர் காது போட்டுவிடும். பாட்டியின் தாலாட்டுக்கு அந்தக் காது இல்லை. அதனால் நன்றிக்கடன் எல்லாருக்கும் ஒரே அளவு என்று நான் நினைக்கவில்லை. யாருக்கும் தெரியாதவரிடமிருந்து எடுக்கிறவனுக்குத் தேடுகிற வேலை அதிகம்.

மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டம், 25ஆம் பிரிவில், படைத்தவருக்கு இரண்டு தார்மீக உரிமைகளைத் தருகிறது. ஒன்று, தன் பெயர் சொல்லப்படுவது. மற்றது, தன் மதிப்பைக் கெடுக்கும்படி படைப்பு சிதைக்கப்படாமல் இருப்பது. ஸ்டிட்ச்சை நினைத்தால் இவை ஏன் தனித்தனி என்று புரியும். ஒருவர் மூன்று நிமிடம் பேசியதில் ஐந்து விநாடியை வெட்டி, அவர் பெயரைச் சரியாகப் போட்டு, அவரைக் கோமாளியாக்கலாம். அங்கே பெயர் மரியாதையில்லை, முகவரி. கல்லெறிய வருபவர்களுக்கு வழிகாட்டும் முகவரி.

அக்கா மகள் உடனே தலைப்பைத் திருத்தினாள். 'பாடியவர் இந்தக் கணக்கில் உள்ள அப்பாயி' என்று பேத்தியின் கணக்கைக் குறிப்பிட்டாள். பிறகு டூயட்டையே அந்த மூல வீடியோவோடு புதிதாகப் போடலாம் என்று அங்கே போனாள். டூயட் பொத்தான் வேலை செய்யவில்லை. பேத்தி அதை அணைத்து வைத்திருந்தார். வேண்டாம் என்று அந்த வீடு சொல்லியிருக்கிறது. திருடி ஏற்றியவர் கணக்கில் பொத்தான் திறந்திருந்தது. அனுமதி கொடுத்ததும் அந்த ஆள்தான், நன்றி வாங்கியதும் அந்த ஆள்தான்.

"அப்போ இத்தனை பேர் பார்த்து அழுதாங்களே மாமா, அது தப்பா?"

அழுதது தப்பில்லை என்றேன். ஆனால் எடுத்துவிடு என்றும் சொன்னேன். வேண்டாம் என்றவரிடம் பெயர் போட்டுக் கேட்டாலும் பதில் வேண்டாம்தான். அவளுக்கு அது சம்மதமில்லை. அந்தப் பேத்திக்கு ஒரு செய்தி அனுப்பியிருக்கிறாள், பதில் வரும்வரை வீடியோவைத் தனக்கு மட்டும் தெரியும்படி மாற்றி வைத்திருக்கிறாள். இதை எழுதுகிற இன்றுவரை பதில் இல்லை. ஹம்மிங் மட்டும் சமையலறையிலிருந்து கேட்கிறது.