ஐந்து நிமிடத்தில் ஒரு பையனிடம் என்ன சொல்லலாம்?

கபடியில் இடைவேளை ஐந்து நிமிடம்தான். சப்-ஜூனியர் பையன்களுக்குப் பாதி ஆட்டம் பதினைந்து நிமிடம், நடுவில் இந்த ஐந்து. அதிலும் மூச்சு வாங்கி முடிக்க ஒன்றரை நிமிடம் போய்விடும். தண்ணீர் குடிக்கணும், முழங்கையில் தோல் உரிந்தவனுக்கு ஸ்ப்ரே அடிக்கணும், இடம் மாறி எதிர்ப் பக்கம் போகணும். பயிற்சியாளர் பேசுவதற்கு மிச்சம் இருப்பது இரண்டு, மிஞ்சிப்போனால் இரண்டரை நிமிடம். ஃபைனலில் பின்தங்கியிருக்கும் பதினான்கு வயதுப் பையன்களிடம் அந்த இரண்டரை நிமிடத்தில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதுதான் என் கேள்வி.

நம் சினிமாவுக்கு இதில் குழப்பமே இல்லை. ‘பிகில்’ படத்தின் கோச், இறுதி ஆட்டத்தில் ஒரு வீராங்கனையின் உடம்பைச் சொல்லிச் சீண்டுவார். அவள் கோபத்தில் எழுந்து ஆடுவாள், தியேட்டர் கைதட்டும். படம் வந்தபோது இது உருவக்கேலி என்று பலர் எழுதினார்கள். சரிதான். ஆனால் அந்தக் காட்சி ஒரு வாதத்தையும் முன்வைக்கிறது: சொன்னது புண்படுத்தியது, ஆனா வேலை செஞ்சுதே. அந்த வாதத்தைத் தாண்டாமல் இந்தக் கேள்விக்குள் போக முடியாது, ஏனென்றால் அது வெறும் சினிமா வாதம் இல்லை.

பாரி ஸ்டா என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 2019இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வடக்கு கலிஃபோர்னியாவில் பள்ளி, கல்லூரிக் கூடைப்பந்து அணிகள் 23. அவற்றின் பயிற்சியாளர்கள் இடைவேளையில் பேசிய 304 பேச்சுகளைப் பதிவு செய்து, ஒவ்வொன்றிலும் கோபம், எரிச்சல், ஏமாற்றம் எவ்வளவு இருந்தது என்று மதிப்பிட்டு, இரண்டாம் பாதி ஸ்கோரோடு ஒப்பிட்டார்கள். கடுமை கூடக் கூட ஆட்டமும் மேம்பட்டது. ஒரு கட்டம் வரைக்கும்தான். அதைத் தாண்டி வெறி பிடித்த மாதிரி கத்தியவர்களின் அணிகள் சரிந்தன. அதாவது அளவான கடுமை பலன் தருகிறது. இனிமையாகப் பேசினால்தான் ஜெயிக்கலாம் என்று நம்ப ஆசைப்படும் என்னைப் போன்றவர்களுக்கு இது சங்கடமான முடிவு. ‘கடுமை வேலைக்கு ஆகாது, அதனால் அது தப்பு’ என்ற சுலபமான வழி அடைபட்டுவிடுகிறது. தப்பென்றால் வேலைக்கு ஆகும்போதும் தப்பாக இருக்க வேண்டும்.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பள்ளி, ஊர்ப் பெயரெல்லாம் வேண்டாம். பையன்களுக்கான ஒரு போட்டியின் ஃபைனல். என் வேலை ஸ்கோர் நோட்டு எழுதுவது. யார் ரெய்டு போனான், எத்தனை புள்ளி, யார் பிடித்தான் என்று கோடு போட்டு எழுதிக்கொண்டிருந்தேன். இடைவேளையில் 9-17. எட்டுப் புள்ளி பின்னால். அதைவிட மோசம், ஏழு பேரில் நான்கு பேர் அவுட் ஆகி வெளியே உட்கார்ந்திருந்தார்கள். கபடி தெரியாதவர்களுக்காக: முதல் பாதி முடியும்போது எத்தனை பேர் உள்ளே இருந்தார்களோ, அத்தனை பேரோடுதான் இரண்டாம் பாதி தொடங்கும். இடைவேளை விட்டார்கள் என்பதற்காக எல்லோரும் உயிர்த்தெழ முடியாது. புள்ளி எடுக்க எடுக்க, அவுட் ஆன வரிசைப்படி ஒவ்வொருவராகத் திரும்ப வருவார்கள். ஆக அந்தப் பேச்சைக் கேட்ட ஏழு பேரில் மூன்று பேர்தான் உடனே ஆடப் போகிறவர்கள். மற்ற நால்வரும் கேட்டுவிட்டு மறுபடி உட்காரப் போகிறவர்கள்.

சார் நல்லாவே ஆரம்பித்தார். கத்தவில்லை. “எட்டுப் புள்ளிய பாக்காதீங்கடா. பதினஞ்சு நிமிஷம் இருக்கு. ஒரு ரெய்டுக்கு முப்பது செகண்டுன்னு வெச்சாலும் முப்பது ரெய்டு, அதுல பதினஞ்சு நம்மளுது” என்றார். அப்புறம், “மூணு பேருதான் இருக்கோம்னு பயப்படாதீங்க. இப்ப ஒருத்தன பிடிச்சா ரெண்டு புள்ளி. அவனுங்க ஏழு பேரும் நிக்கறானுங்க, போனஸ் கோடு நமக்குத் தெறந்து கெடக்கு” என்றார். இரண்டுமே உண்மை. மூன்று பேரோ அதற்குக் கீழோ இருக்கும்போது ரெய்டரைப் பிடித்தால் கூடுதலாக ஒரு புள்ளி. எதிரில் ஆறு பேராவது நின்றால்தான் போனஸ் புள்ளி உண்டு. பையன்களின் முகம் மாறுவதைப் பார்த்தேன். எட்டு என்ற எண், செய்யக்கூடிய சின்னச் சின்ன வேலைகளாக உடைந்துவிட்டது. எதிரணியின் இடது கார்னர் கணுக்காலைப் பிடிக்க அவசரப்பட்டு முன்னாடியே பாய்கிறான், அவன் பாயும்வரை காலை நீட்டாதே என்றும் ஒரு ரெய்டரிடம் சொன்னார்.

எல்லாம் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. இன்னும் நேரம் இருந்தது. எனக்கென்னவோ பெரும்பாலான தவறான வாக்கியங்கள் இப்படி மிச்சமாகும் நேரத்தில்தான் வருகின்றன என்று தோன்றும். அணியின் முக்கிய ரெய்டர் வெளியே உட்கார வேண்டிய நால்வரில் ஒருவன். முதல் பாதியில் ஏழு ரெய்டு, இரண்டே புள்ளி, மூன்று முறை பிடிபட்டிருந்தான். சார் அவன் பக்கம் திரும்பி, கோட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியைக் கையால் காட்டினார். “உங்கப்பா இன்னிக்குக் கூலிய விட்டுட்டு வந்து நிக்கறாரு. அவரு மொகத்த ஒரு தடவ பாத்துட்டு உள்ள போ.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவுக்கு விஷயம் புரியவில்லை, கை அசைத்தார்.

அவன் வெளியே போன வரிசையில் மூன்றாவது. இரண்டு பேர் திரும்பி வந்த பிறகுதான் அவனால் உள்ளே வர முடியும். அதுவரை அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். உள்ளே வந்ததும் நேராகப் பாய்ந்தான், ஒரே ரெய்டில் இரண்டு பேரைத் தொட்டான். என் நோட்டுப்படி, அதற்குப்பின் ஆட்டம் முடியும்வரை ஆறு ரெய்டு, நான்கு புள்ளி, இரண்டு முறை பிடிபட்டான். முதல் பாதியைவிட எவ்வளவோ தேவலை. அணியும் இரண்டாம் பாதியில் 17 எடுத்து 12தான் கொடுத்தது. கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் வந்து அளந்திருந்தால் இது வெற்றிகரமான இடைவேளைப் பேச்சு. ஆட்டம் 26-29. மூன்று புள்ளியில் தோல்வி.

முடிந்ததும் அப்பா ஒரு சோடா பாட்டிலோடு வந்தார். பையன் அந்தப் பக்கமாகச் சுற்றிப் போய் வேனில் ஏறிக்கொண்டான்.

சில நாள் கழித்து டீக்கடையில் சாரிடம் இதைக் கேட்டேன். அவர் தயங்கவில்லை. “நான் பொய் சொன்னேனா? அந்தாளு அங்க நிக்கறது பையனுக்குத் தெரியாதா? தெரிஞ்சதத்தானே சொன்னேன். அவனுக்கு ஒரு சர்டிபிகேட் கெடச்சா ஸ்போர்ட்ஸ் கோட்டால எங்கயாவது ஒரு சீட்டு. நான் நாசூக்கா பேசிட்டிருந்தா அவன் வாழ்க்கைல யாரு நாசூக்கா பேசப்போறா?” இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பையன் மேல் என்னைவிட அவருக்கு அக்கறை அதிகம். மாலை ஆறு மணிக்குமேல் சம்பளமில்லாமல் நின்று பயிற்சி கொடுத்தவர் அவர், நான் நோட்டு எழுதியவன். இருந்தாலும் அந்த வாக்கியம் தவறு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பொய் என்பதால் இல்லை. உண்மை என்பதும் அதைக் காப்பாற்றவில்லை.

‘இடது கார்னர் முன்கூட்டியே பாய்கிறான்’ என்பதும் உண்மை. ‘அப்பா கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார்’ என்பதும் உண்மை. முதலாவதை வைத்து அடுத்த பதினைந்து நிமிடத்தில் அந்தப் பையனால் ஏதாவது செய்ய முடியும். காலை நீட்டாமல் காத்திருக்கலாம். இரண்டாவதை வைத்து அவன் என்ன செய்வான்? ஜெயிக்கலாம். ஜெயிப்பது அவன் ஒருவன் கையில் இல்லை, எதிரில் ஏழு பேர் அதே ஆசையோடு நிற்கிறார்கள். அவனால் தனியாகச் செய்து முடிக்க முடியாத ஒன்றின் மேல் அப்பாவின் ஒரு நாள் கூலியைக் கொண்டுபோய் வைத்தாகிவிட்டது. ஆட்டம் தோற்றால் அது கடனாக மாறும். கொடுத்தவர் சார், வாங்கியவன் பையன், கடன்காரராக நிறுத்தப்பட்டவரோ ஒன்றும் தெரியாமல் கை அசைத்துக்கொண்டிருந்த மனிதர். அப்பாவிடம் கேட்டிருந்தால் ‘விளையாடுறத பாக்க வந்தேன்’ என்றிருப்பார் என்பது என் ஊகம்.

இதையே ஒரு தொழில்முறை வீரனிடம் சொல்வது வேறு. அவனுக்குச் சம்பளம் உண்டு, இந்தக் கோச் பிடிக்காவிட்டால் வேறு அணிக்குப் போகலாம், குறைந்தபட்சம் ‘சார், எங்கப்பாவ இழுக்காதீங்க’ என்று சொல்லலாம். பதினான்கு வயதில், ஆறு பேர் சுற்றி நிற்க, சாரிடம் அதைச் சொல்லும் பையனை நான் பார்த்ததில்லை. மறுக்க முடியாதவனிடம் எதை எடுத்துப் பயன்படுத்துகிறோம் என்பது வெறும் பயிற்சி உத்தி சார்ந்த விஷயம் இல்லை.

இடைவேளைப் பேச்சுகளை நாம் முடிவை வைத்தே மதிப்பிடுகிறோம் என்பதும் இதில் ஒரு சிக்கல். ஜெயித்தவர்களின் பேச்சு மட்டும்தான் கதையாகிறது. ஆனால் எந்த ஃபைனலிலும் ஒரு அணி தோற்றே ஆகவேண்டும், பாதியில் எட்டுப் புள்ளி பின்தங்கிய அணி தோற்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். ஆகவே அப்படிப்பட்ட அணியிடம் பேசும் ஒருவர், தன் வாக்கியங்கள் தோற்ற பையன்களோடுதான் வேனில் ஏறப் போகின்றன என்று கணக்கு வைத்துப் பேசுவதே யதார்த்தம். ‘முப்பது ரெய்டில் பதினைந்து நம்மளுது’ வேனில் ஏறினால் ஒன்றும் ஆகாது. அடுத்த போட்டிக்குக்கூட உதவும்.

2017 அக்டோபர் 28. கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்தில் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பை ஃபைனல். அறுபத்தாறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடியிருந்தார்கள். 31ஆவது நிமிடத்துக்குள் ஸ்பெயின் இரண்டு கோல் போட்டுவிட்டது, இரண்டும் செர்ஜியோ கோமெஸ். அதே ஆண்டு மே மாதம் ஐரோப்பிய ஃபைனலில் இதே ஸ்பெயினிடம்தான், கடைசி நேரத்தில் சமன் செய்ய விட்டு, பெனால்டியில் இங்கிலாந்து தோற்றிருந்தது. 44ஆவது நிமிடத்தில் பிரூஸ்டர் ஒரு கோல் திருப்பினார். 1-2 என்ற நிலையில் பயிற்சியாளர் ஸ்டீவ் கூப்பர் இடைவேளைக்குப் போனார். இரண்டாம் பாதியில் நான்கு கோல், 5-2, கோப்பை. இப்படியொரு முடிவுக்குப் பிறகு, அறைக்குள் மந்திரம் மாதிரி ஏதோ சொல்லியிருப்பார் என்று நம்பத்தான் மனசு ஓடும். இங்கிலாந்தின் திரும்புதல் அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, 44ஆவது நிமிடத்தில் தொடங்கிவிட்டது என்பது அந்தக் கதைக்குள் அடங்காது.

அந்த இடைவேளையில் இன்னொரு அறையும் இருந்தது. அதில் முன்னிலையில் இருந்த பையன்கள், அதே பதினாறு, பதினேழு வயது. மே மாதம் ஜெயித்தவர்கள். சான்டி டெனியா என்ற அவர்களுடைய பயிற்சியாளரும் அந்தப் பதினைந்து நிமிடத்தில் அவர்களிடம் பேசித்தான் வெளியே அனுப்பினார். இரண்டாம் பாதியில் நான்கு கோல் வாங்கிக்கொண்டு, கோமெஸ் உட்பட அத்தனை பேரும் அந்தப் பேச்சோடுதான் ஊருக்கு விமானம் ஏறியிருப்பார்கள்.