பெருக்கல் முடியவில்லையா? பேனாவை மூடாதே!

நண்பன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பயிற்சித் தாளின் படம் உன் கையில் இருக்கிறது. பாதிப் பக்கத்தில் நிழல், ஓரத்தில் மடிப்பு. −5.3 என்ற எண்ணை 32 பிட் ஃப்ளோட்டிங் பாயின்ட் வடிவில் எழுதச் சொல்கிறது கேள்வி. பார்த்ததும் கை நடுங்குகிறதா? நடுங்கட்டும். முதலில் படத்தைப் பெரிதாக்கு! 5-க்கு முன்னால் இருப்பது கழித்தல் குறியா, கேள்வி எண்ணுக்குப் பின் போட்ட கோடா? நடுவில் இருப்பது புள்ளியா, தாளில் விழுந்த கறையா? பக்கத்தின் தலைப்பையும் படி. சில ஆசிரியர்கள் ‘மீதியை வெட்டிவிடவும்’ என்று அங்கேதான் எழுதியிருப்பார்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் 1985-இல் வந்த IEEE 754 தரத்தின் வழக்கப்படி அருகில் உள்ள மதிப்புக்கு முழுமையாக்க வேண்டும்.

இனி இறங்கு. எண் எதிர்மறை, ஆகவே முதல் பிட் 1. குறியின் வேலை இத்தோடு முடிந்தது. முழு எண்களுக்குச் செய்வதுபோல் பிட்டுகளைத் திருப்பிப் போட்டு ஒன்றைக் கூட்டும் வேலை இங்கே கிடையாது. இனி 5.3-ஐ மட்டும் பார். 5 என்பது பைனரியில் 101. மிச்சமிருக்கும் 0.3-ஐ இரண்டால் பெருக்கு. புள்ளிக்கு முன்னால் வரும் இலக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, மீதியை மறுபடி பெருக்கு.

```
0.3 × 2 = 0.6 → 0
0.6 × 2 = 1.2 → 1
0.2 × 2 = 0.4 → 0
0.4 × 2 = 0.8 → 0
0.8 × 2 = 1.6 → 1
0.6 × 2 = 1.2 → 1
```

மறுபடியும் 0.6! இந்த இடத்தில்தான் பலர் பேனாவை மூடுகிறார்கள். ‘எங்கோ தப்பு பண்ணிவிட்டேன்’ என்று அடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறார்கள். அடிக்காதே! நீ தப்பே பண்ணவில்லை. 0.3 என்பது 3/10. பகுதியில் இருக்கும் 10-க்குள் ஓர் 5 ஒளிந்திருக்கிறது. பகுதி இரண்டின் அடுக்காக இருக்கும் பின்னம் மட்டுமே பைனரியில் முடியும், 0.5, 0.25, 0.375 எல்லாம் அந்த ரகம். 0.3 முடியாது. கணினி போட்டாலும் முடியாது. 1001 என்ற நான்கு பிட்டுகள் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். அது தெரிந்த பிறகு பெருக்கல் எதற்கு? நிறுத்திவிட்டு வரிசையை எழுது: 101.0 1001 1001 1001…

புள்ளியை இடப்பக்கம் இரண்டு இடம் நகர்த்து. 1.010 1001 1001… × 2² என்று ஆகிறது. அடுக்கு 2. அதை அப்படியே எழுதாதே, 127-ஐக் கூட்டு. 129, எட்டு பிட்டில் 10000001. புள்ளிக்கு முன்னால் நிற்கும் 1 எப்போதும் அங்கே இருப்பது என்பதால் அதை எழுதுவதில்லை. பின்னால் உள்ள 23 பிட்டுகள்தான் வேண்டும்: 010, பிறகு ஐந்து முறை 1001. மூன்றும் இருபதும் இருபத்துமூன்று.

அவசரப்பட்டு மூடிவிடாதே, 24-ஆவது பிட்டை எட்டிப் பார்! அது 1, அதற்குப் பின்னும் ஒன்றுகள் வருகின்றன. விடுபட்ட பகுதி பாதிக்கு மேல். ஆகவே கடைசி இடத்தில் ஒன்றைக் கூட்டு. கடைசி 1001 இப்போது 1010.

```
1 10000001 01010011001100110011010
```

நான்கு நான்காகப் பிரித்தால் ஹெக்ஸில் C0A9999A. சரியா என்று யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காதே, நீயே சோதி. பைதான் இருந்தால் இரண்டே வரி.

```
import struct
print(struct.pack('>f', -5.3).hex())
```

திரையில் `c0a9999a` வரும். உன் விடை வேறாக இருந்தால் அந்த விடையே தப்பைக் காட்டிக்கொடுக்கும். 4-இல் தொடங்கினால் குறியை மறந்திருக்கிறாய். 99999 என்று முடிந்தால் கூட்டாமல் வெட்டியிருக்கிறாய். C0D4CCCD வந்தால், எழுதக் கூடாத அந்த முதல் 1-ஐயும் எழுதிவிட்டாய். அதன் மதிப்பு ஏறக்குறைய −6.65. ஒரே ஒரு பிட் உள்ளே நுழைந்ததற்கு இவ்வளவு விலை! சரியான விடைகூட −5.3 அல்ல, ஏறக்குறைய −5.30000019. மேல்நோக்கிக் கூட்டியதால் வந்த மிச்சம் அது. அதற்காக நீ வெட்கப்பட ஒன்றுமில்லை, 32 பிட்டில் இதைவிட அருகில் வேறு எண் கிடையாது.

இப்போது 0.1-ஐ எடு. இதில் புள்ளி எதிர்ப்பக்கம், வலப்பக்கமாக நான்கு இடம் நகரும். அடுக்கு −4, 127-ஐக் கூட்டினால் 123. இங்கேயும் அதே 1001 வரும், 24-ஆவது பிட் இங்கேயும் 1. மீதியைத் தாளில் நீ போடு. 3DCCCCCD வரும்வரை எழுந்திருக்காதே!